ஒரு விழுக்காடுதான், ஆனால் நாள் வட்டி

ஆயிரம் ரிங்கிட் கடனுக்கு, உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர் மாதம் 1.5 விழுக்காடு கேட்கிறார். ஆலோங் கேட்பதோ ஒரு விழுக்காடுதான். அவசரத்தில் இருப்பவருக்கு ஆலோங்கே மலிவாகத் தெரியும்.

முதலாமவரிடம் வட்டி முதலுக்கு மட்டுமே. மாதம் 15 ரிங்கிட், ஆண்டுக்கு 180. மொத்தக் கடன் 1,180 ரிங்கிட்.

ஆலோங்கின் ஒரு விழுக்காடு நாள் வட்டி. முதல் நாள் 10 ரிங்கிட். அதைக் கட்டாவிட்டால் முதலோடு சேர்ந்துவிடும். மறுநாள் வட்டி 1,010 ரிங்கிட்டுக்கு, அதாவது 10 ரிங்கிட் 10 சென். பத்து சென்தானே என்று தோன்றும். ஆனால் எதுவும் கட்டாமல் விட்டால் 70 நாளில் கடன் இரட்டிப்பாகிவிடும். ஓராண்டில் 37,783 ரிங்கிட். வட்டிக்கு வட்டி போடாமல், அதே நாள் வட்டியை முதலுக்கு மட்டும் கணக்கிட்டால் 4,650தான். மிச்சம் 33 ஆயிரத்துக்கு மேல் வட்டி போட்ட குட்டி.

மலேசியாவின் 1951ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டம் வட்டிக்கு வட்டியைத் தடை செய்கிறது. அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டு வட்டி 18 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை இரண்டு: இந்த வட்டி நாளுக்கா, மாதத்துக்கா? கட்டாத வட்டி முதலில் சேருமா?