கூடத்தின் நடுவில் மோதும் வைஃபை

சுமார் 60 மீட்டர் நீளமுள்ள ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். நடுக்கூரையில் ஒரு வைஃபை ஆக்சஸ் பாயிண்ட். கிழக்குக் கோடியில் மேற்பார்வையாளரின் லேப்டாப், மேற்குக் கோடியில் ஒரு வைஃபை கேமரா. இடையில் இயந்திர வரிசைகளும், சரக்கு ஏற்றிய இரும்பு ரேக்குகளும். இரண்டு கருவிகளுக்கும் சிக்னல் நன்றாகவே கிடைக்கிறது. லேப்டாப் தனியாக வேலை செய்தால் கோப்புகள் சட்டென்று சர்வருக்குப் போய்விடுகின்றன. கேமரா படம் அனுப்பத் தொடங்கினால் கோப்பு பாதியில் நிற்கிறது, கேமராப் படமும் விட்டுவிட்டு வருகிறது.

இதற்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஹிடன் நோடு’. ஒன்றின் பேச்சு இன்னொன்றின் காதில் விழாத இரண்டு கருவிகள், நடுவில் இருக்கும் ஒரே ஆக்சஸ் பாயிண்டிடம் ஒரே சமயத்தில் பேசிவிடுவதுதான் சிக்கல்.

ஒரே சானலில் உள்ள எல்லாக் கருவிகளும் ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் பேசுவதற்கு முன் ஒவ்வொன்றும் காதுகொடுத்துக் கேட்கும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். அமைதியானதும், குலுக்கல் முறையில் சில மைக்ரோநொடிகள் பொறுத்துப் பேசும். கேட்கும் வேலை நடப்பது அனுப்புகிறவரின் இடத்தில்; மோதல் நடப்பதோ பெறுகிறவரின் இடத்தில். இந்த ஏற்பாட்டின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. லேப்டாப் இருக்கும் மூலையில் காற்று அமைதியாக இருக்கலாம். அதே நொடியில் கூரையில் உள்ள ஆக்சஸ் பாயிண்டில் கேமராவின் பேச்சு விழுந்துகொண்டிருக்கலாம்.

லியோனார்ட் கிளெயின்ராக்கும் ஃபுவாத் தொபாகியும் 1975-லேயே இந்தச் சிக்கலை ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார்கள். வைஃபைக்கான முதல் தரநிலை வெளிவந்தது அதற்கு 22 ஆண்டுகள் கழித்து, 1997-ல்.

தூரம் மட்டுமே இதற்குக் காரணம் என்று நினைப்பது தவறு. தடையில்லாத வெட்டவெளியில் 60 மீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு கருவிகள் ஒன்றையொன்று நன்றாகவே கேட்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 15 டி.பி.எம். வலுவோடு கிளம்பும் சிக்னல் அந்தத் தூரத்தில் ஏறக்குறைய −61-ஆகக் குறையும். அது நல்ல சிக்னல்தான். நடுவில் உள்ள ரேக்குகளும் இயந்திரங்களும் இன்னொரு 30 டெசிபலை விழுங்கினால் −91-க்கு இறங்கிவிடும். 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சானலில் ஒரு கருவி −82 வரையாவது மற்றதன் பேச்சை அடையாளம் காண வேண்டும் என்கிறது தரநிலை. அதற்கும் கீழே போனால் காதில் விழலாம், விழாமலும் போகலாம். கூரையில் உள்ள ஆக்சஸ் பாயிண்டுக்கோ இரும்புத் தடை இல்லை, தூரமும் பாதிதான். அதனால்தான் இரு கோடியிலும் சிக்னல் கோடுகள் நிறைந்து தெரிகின்றன. அந்தக் கோடுகள் ஆக்சஸ் பாயிண்டுக்கும் கருவிக்கும் உள்ள உறவை மட்டுமே காட்டும். கருவிகளுக்கு இடையே என்ன நடக்கிறது என்பதைக் காட்டாது.

ஒன்றையொன்று கேட்கும் கருவிகளும் மோதிக்கொள்வது உண்டு. ஆனால் இரண்டும் குலுக்கலில் ஒரே கணத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் அது நடக்கும். அந்தக் கணம் இன்றைய வைஃபையில் 9 மைக்ரோநொடி. கேட்காத கருவிகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1500 பைட் கொண்ட ஒரு பொட்டலம் 6 மெகாபிட் வேகத்தில் காற்றில் சுமார் 2000 மைக்ரோநொடி இருக்கும். அந்த நேரம் முழுவதிலும், எப்போது வேண்டுமானாலும் மற்றது குறுக்கே பேசிவிடலாம்.

அதன் பின்விளைவுதான் இன்னும் மோசம். வைஃபைக் கருவியால் பேசிக்கொண்டே கேட்க முடியாது. மோதலை அது நேரடியாக அறிவதில்லை. ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் வரவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். திரும்பத் திரும்பத் தோற்றால், சிக்னல்தான் பலவீனம் போலும் என்று எண்ணி, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் அதே பொட்டலம் காற்றில் அதிக நேரம் கிடக்கும்; மோதும் வாய்ப்பும் கூடும். தப்புவதற்காகச் செய்வதே கருவியை மேலும் சிக்கவைக்கிறது. மோதும்போது ஆக்சஸ் பாயிண்டுக்கு அருகில் உள்ள கருவியின் உரத்த குரல் சில சமயம் பிழைத்துக்கொள்ளும். தொலைவில் இருப்பதன் குரல் அழியும். ‘அந்த ஒரு கேமரா மட்டும் எப்போதும் தகராறு’ என்ற புகாருக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. கேபிளில் இணைந்த ஒரு கணினியில் இரண்டு டெர்மினல்களில் `iperf3 -s -p 5201`, `iperf3 -s -p 5202` என்று ஓடவிட்டு, இரு கோடியிலும் ஒரு லேப்டாப் வைத்து, லேப்டாப்புக்கு ஒரு வரியாக, இப்படி அனுப்பிப் பார்க்கலாம் (முகவரி அந்தக் கணினியுடையது):

```
iperf3 -c 192.168.1.10 -p 5201 -t 30
iperf3 -c 192.168.1.10 -p 5202 -t 30
```

முதலில் தனித்தனியாக, பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில். தனியாக ஒவ்வொன்றும் 40 மெகாபிட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்து ஓடும்போது ஆளுக்கு 20 அளவில் வந்தால் பங்கீடு ஒழுங்காக நடக்கிறது. இரண்டும் சேர்ந்தே 10-க்குக் கீழே விழுந்தால் ஹிடன் நோடு என்று சந்தேகிக்கலாம். அடுத்து, இரண்டு லேப்டாப்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து அதே சோதனையைச் செய்ய வேண்டும். இப்போது வேகம் மீண்டுவிட்டால் சந்தேகம் உறுதியாகிறது. கட்டளையோடு `-R` சேர்த்தால் தரவு ஆக்சஸ் பாயிண்டிலிருந்து லேப்டாப்புக்கு ஓடும். அந்தத் திசையில் பாதிப்பு மிகக் குறைவாக இருக்கும், ஏனென்றால் ஆக்சஸ் பாயிண்டுக்கு எல்லோர் குரலும் கேட்கும்.

இதற்கென்றே வைஃபையில் ஒரு மருந்து இருக்கிறது: ஆர்.டி.எஸ்., சி.டி.எஸ். அனுப்ப விரும்பும் கருவி முதலில் 20 பைட் அளவில் ‘அனுப்பலாமா’ என்று கேட்கும். ஆக்சஸ் பாயிண்ட் ‘அனுப்பு’ என்று சொல்லும்போது, எவ்வளவு நேரத்துக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லும். லேப்டாப்பின் கேள்வி கேமராவுக்குக் கேட்காது. கூரையிலிருந்து வரும் பதில் கேட்கும், கேமரா ஒதுங்கிக்கொள்ளும். அந்தச் சிறு கேள்வி 6 மெகாபிட் வேகத்தில் 52 மைக்ரோநொடிதான். மோதினாலும் அதுதான் மோதும், பெரிய பொட்டலம் தப்பிவிடும்.

ரூட்டர் அமைப்புப் பக்கத்தில் `RTS Threshold` என்று தெரிவது இதுதான். பெரும்பாலும் 2347 என்று இருக்கும். அந்த அளவுக்கு மேற்பட்ட பொட்டலத்துக்கு மட்டுமே அனுமதி கேட்கப்படும் என்பதால், 1500 பைட் பொட்டலங்கள் கேட்காமலே போய்விடும். அதை ரூட்டரில் 500 ஆக்கினால் தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தீராது. அது ரூட்டர் அனுப்பும் பொட்டலங்களுக்கு மட்டுமே பொருந்தும். மோதுவதோ கருவிகள் அனுப்புபவை. மாற்றம் கருவிகளில் நடக்க வேண்டும். லினக்ஸ் லேப்டாப்பில் `iw phy phy0 set rts 500` என்று செய்யலாம்; செல்போனிலும் கேமராவிலும் பொதுவாக அந்த வசதி இருக்காது. வைஃபை 6 வந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது: நீண்ட நேரம் பேசுமுன் அனுமதி கேட்க வேண்டும் என்று ஆக்சஸ் பாயிண்டே கருவிகளுக்கு அறிவிக்கவும், யார் எப்போது அனுப்புவது என்று முறைவைக்கவும் முடியும். கருவிகளும் வைஃபை 6 ஆக இருந்தால்தான் பலன்.

இன்னும் சக்திவாய்ந்த ஆக்சஸ் பாயிண்ட் வாங்குவது இங்கே கேடாகவும் முடியலாம். அதன் குரல் தூரம் போகும். ஒன்றையொன்று கேட்காத கருவிகள் இன்னும் பல வந்து அதே இடத்தில் சேரும். பட்டறையின் இரு பாதிக்கும் வெவ்வேறு சானலில், குறைந்த வலுவில் தனித்தனி ஆக்சஸ் பாயிண்ட் வைப்பது நல்ல தீர்வு. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சானல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை. அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, இடம் மாறாத கேமரா, சி.என்.சி. இயந்திரம், பிரிண்டர் போன்றவற்றுக்குக் கேபிள் இழுப்பது. நகராத கருவிக்கு வைஃபை தேவையில்லை. இரவும் பகலும் அனுப்பிக்கொண்டிருக்கும் கேமரா கேபிளுக்குப் போய்விட்டால், மிச்சமிருக்கும் லேப்டாப்புக்கும் ஸ்கேனருக்கும் பழைய ஆக்சஸ் பாயிண்டே பெரும்பாலும் போதும்.