திரை திறந்திருக்கும் நேரமெல்லாம் டிரேடு நேரமல்ல

ஒரு லட்ச ரூபாய்க்குப் பங்கு வாங்கி, அன்றைக்கே வாங்கிய விலைக்கே விற்றுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்றுதான் தோன்றும். மாலையில் புரோக்கர் மின்னஞ்சலில் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்தால் கணக்கு வேறாக இருக்கும். டிரேடுக்கு 20 ரூபாய் வாங்கும் புரோக்கர் என்றாலும் வாங்கியதற்கு 20, விற்றதற்கு 20 என்று புரோக்கரேஜ் 40 ரூபாய். விற்ற தொகைக்கு எஸ்.டி.டி. எனப்படும் பரிவர்த்தனை வரி 25 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம் கிட்டத்தட்ட 6, முத்திரைக் கட்டணம் 3, ஜி.எஸ்.டி. 8 ரூபாய் சொச்சம். ஆக மொத்தம் சுமார் 82 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும்.

லட்ச ரூபாயில் 82 ரூபாய் என்ன பெரிய தொகை என்று கேட்கலாம். ஒரு நாளைக்கு நான்கு முறை இப்படி வாங்கி விற்றால் 328 ரூபாய். மாதத்துக்கு இருபது சந்தை நாள் என்று வைத்தால் 6,560 ரூபாய். அதாவது, போட்ட ஒரு லட்சம் குறையாமல் நிற்பதற்கே மாதம் ஆறரை சதவீதம் லாபம் பார்த்தாக வேண்டும். ஆண்டு முழுக்க அப்படி லாபம் பார்ப்பது தொழில்முறைக்காரர்களுக்கே பெரும்பாடு.

செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. 2022-23 நிதியாண்டில் பங்குச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு 500 டிரேடுக்கு மேல் செய்தவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் பத்துக்கு எட்டுப் பேர். பழகப் பழகக் கை தேறும் என்றால், அதிகம் செய்தவர்களுக்கு நஷ்டம் குறைந்திருக்க வேண்டும். இங்கே கூடியிருக்கிறது. அமெரிக்காவில் பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் என்ற இரு பேராசிரியர்கள் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்தபோதும் இதே சித்திரம்தான் கிடைத்தது. சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்த காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்ற குடும்பங்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம்.

இந்த வருடம் 500 டிரேடு செய்யப்போகிறேன் என்று யாரும் திட்டம் போட்டு உட்காருவதில்லை. காலை 9.15 மணிக்குச் செயலியைத் திறக்கிறோம். பச்சையும் சிவப்புமாக எண்கள் ஓடுகின்றன. மாலை 3.30 மணி வரை ஏதோ ஒரு பங்கு ஏறிக்கொண்டேதான் இருக்கும், ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அத்தனை அசைவுகளும் நம்மை ஏதாவது செய்யச் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எந்தப் பொருளும் கிடையாது.

நசீம் நிக்கோலஸ் தலேப் 2001இல் வெளியான 'ஃபூல்டு பை ராண்டம்னெஸ்' புத்தகத்தில் இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஆண்டுக்கு 15 சதவீதம் லாபம் தரும், 10 சதவீத ஏற்ற இறக்கம் உள்ள நல்ல முதலீடு ஒன்றை வைத்திருக்கும் ஆள், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கணக்கைப் பார்த்தால் லாபம் தென்பட 93 சதவீத வாய்ப்பு உண்டு. மாதம் ஒருமுறை பார்த்தால் அது 67 சதவீதம். தினமும் பார்த்தால் 54. மணிக்கு ஒருமுறை பார்த்தால் 51.3 தான். முதலீடு அதேதான், மாறியது பார்க்கும் இடைவெளி மட்டுமே. நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கிறவர் கண்ணில் படுவது பூவா தலையா போட்டது போன்ற அசைவு. இறக்கத்தைப் பார்க்கும்போது மனசுக்கு ஏற்படும் வலி, ஏற்றம் தரும் மகிழ்ச்சியைவிடப் பெரிது. ஆகவே நல்ல பங்கை வைத்துக்கொண்டே ஒரு நாளில் பலமுறை வலியை வாங்கிக்கொள்கிறார். அந்த வலியைப் போக்கக் கைக்குச் சுலபமாகக் கிடைக்கும் மருந்து விற்பது, அல்லது வேறொன்றை வாங்குவது. மன உறுதி இல்லாததால் இப்படி ஆகிறது என்று பலர் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். என் கருத்தில் அது சரியல்ல. ஆறேகால் மணி நேரம் விலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் உறுதி யாரிடமும் எதிர்பார்க்கக் கூடியதல்ல. விலையைப் பார்க்கும் வேலையை நம்மிடமிருந்து பிடுங்கி இயந்திரத்திடம் கொடுப்பதுதான் வழி.

அந்த வேலையைச் செய்வது விலை அலர்ட். ஒரு விலையைக் குறித்துக் கொடுத்தால், பங்கு அந்த விலையைத் தொடும்போது செய்தி வரும். பெரும்பாலான புரோக்கர் செயலிகளிலும், டிரேடிங்வியூ போன்ற சார்ட் தளங்களிலும் இது நிறுவனத்தின் சர்வரில் ஓடுகிறது. நம் போனில் செயலி திறந்திருக்க வேண்டியதில்லை.

அலர்ட்டை எந்த விலையில் வைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். இப்போதைய விலை 512 ரூபாய். கடந்த சில வாரங்களாக 530 வரை போய்ப் போய்த் திரும்புகிறது. ஒரு நாளில் அதன் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே சராசரியாக 11 ரூபாய் வித்தியாசம். இதற்கு 515இல் அலர்ட் வைத்தால், அது தினசரி ஆட்டத்துக்குள்ளேயே வருவதால் போன் ஓயாமல் ஒலிக்கும். திரையை மூடிவிட்டு அதையே பைக்குள் வைத்துக்கொண்டு அலைவதற்குச் சமம் அது. 530இல் வைத்தால் வேறு சிக்கல். காலை 11 மணிக்கு 533 தொட்டுவிட்டு, சந்தை முடியும்போது 524க்கு வந்து நிற்கும் நாட்கள் நிறைய உண்டு. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் 532இல் வாங்கிச் சிக்கிக்கொள்வது இப்படித்தான்.

ஆகவே இரண்டு அலர்ட் போதும். முதலாவது 525இல். 512இலிருந்து இது ஒரு நாள் ஆட்டத்தைத் தாண்டிய தூரம், அதனால் சும்மா ஒலிக்காது. இன்று மாலை இந்தப் பங்கைப் பார் என்பது மட்டுமே அதன் பொருள். இரண்டாவது, பங்கு 530க்கு மேல் முடிந்தால் மட்டும் ஒலிப்பது. டிரேடிங்வியூவில் தினசரி சார்ட்டில் Once Per Bar Close என்று தேர்ந்தெடுத்தால், நடுவில் எத்தனை முறை தாண்டினாலும் கண்டுகொள்ளாமல், அன்றைய கேண்டில் முடிந்த பிறகே செய்தி வரும். அலர்ட்டோடு ஒரு குறிப்பும் எழுத இடம் இருக்கும். பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் திட்டத்தை எழுதி வைக்க வேண்டும்: "530 மேல் முடிவு. நாளை 534 வரை வாங்கலாம். ஸ்டாப் லாஸ் 508. 115 பங்கு." செய்தி வரும் நேரத்தில் யோசிக்க எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

அந்த 115 எப்படி வந்தது? மூலதனம் மூன்று லட்சம், ஒரு டிரேடில் இழக்கத் தயாராக இருப்பது அதில் ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய். 534இல் வாங்கி 508இல் வெளியேறினால் பங்குக்கு 26 ரூபாய் நஷ்டம். மூவாயிரத்தை 26ஆல் வகுத்தால் 115. முதலீடு சுமார் 61,400 ரூபாய். இந்த வகுத்தலைச் சந்தை நேரத்தில் யாரும் பொறுமையாகச் செய்வதில்லை. அதற்குத்தான் மாலை நேரம்.

மாலை 3.30க்குப் பிறகு, வீட்டு வேலைகள் முடிந்து எட்டு மணி வாக்கில், இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். அன்று அலர்ட் ஒலித்த பங்குகளின் தினசரி சார்ட், கையில் இருக்கும் பங்குகளின் சார்ட், அவ்வளவுதான். புதிய பங்கு தேடும் வேலையை அதில் சேர்க்கக் கூடாது. சனி அல்லது ஞாயிறு ஒரு மணி நேரம் வாரச் சார்ட்டைப் பார்த்து, அடுத்த வாரத்துக்கு எட்டு, பத்துப் பங்குகளைத் தேர்ந்தெடுத்து, பழைய அலர்ட்களை அழித்துப் புதியவற்றை வைக்கலாம். முப்பது, நாற்பது பங்குகளுக்கு அலர்ட் வைப்பவர்கள் ஒரு மாதத்திலேயே பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ஏதாவது ஒன்று எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்குமே.

இந்த முறையில் பங்கை டெலிவரியாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீத எஸ்.டி.டி. உண்டு. லட்ச ரூபாய்க்கு வரி மட்டுமே 200 ரூபாய் ஆகிவிடும். ஒரு டிரேடுக்கான செலவு இன்ட்ராடேயைவிட அதிகம்தான். ஆனால் மாதம் இரண்டு, மூன்று டிரேடுக்கு மேல் போகாது என்பதால் மொத்தச் செலவு 6,560இன் பக்கத்தில்கூட வராது.

வாங்கிய பிறகு வெளியேறுவதற்கு அலர்ட் போதாது. அலர்ட் செய்தி மட்டுமே சொல்லும். ஜி.டி.டி. எனப்படும் ஆர்டர், விலை வந்ததும் தானே எக்ஸ்சேஞ்சுக்கு ஆர்டர் அனுப்பும். நம் உதாரணத்தில் 508இல் டிரிக்கர், 505 லிமிட் என்று வைக்கலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. கெட்ட செய்தி வந்து பங்கு காலையில் நேராக 494இல் திறந்தால், டிரிக்கர் இயங்கி, 505க்கு விற்கும் ஆர்டர் போய் நிற்கும். 494க்கு வாங்கக் கிடைக்கும் பங்கை 505 கொடுத்து யாரும் வாங்க மாட்டார்கள். மாலையில் அந்த ஆர்டர் ரத்தாகிவிடும். டிரிக்கர் ஒருமுறை இயங்கிவிட்டதால் ஜி.டி.டி.யும் முடிந்துபோயிருக்கும். மறுநாள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பங்கு கையில் நிற்கும். அதனால் ஜி.டி.டி. வைத்த அதே 508இல் ஓர் அலர்ட்டும் வையுங்கள். அது ஒலித்தால் அன்றைக்குள் ஒருமுறை செயலியைத் திறந்து, பங்கு உண்மையில் விற்றுவிட்டதா என்று பார்ப்பது கட்டாயம். பகலில் திரையைத் திறக்க நியாயமான காரணம் என்றால் இதைச் சொல்வேன்.

போனஸ், பங்குப் பிரிப்பு நாட்களிலும் கவனம் தேவை. ஒன்றுக்கு ஒன்று போனஸ் என்றால் விலை பாதியாகத் தெரியும், கீழே வைத்த அலர்ட் அனைத்தும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். நிறுவனம் தேதி அறிவித்ததுமே பழைய விலைகளை மாற்றிவிட வேண்டும். சில தளங்களில் அலர்ட்டுக்குக் காலாவதித் தேதி இருக்கும். வார இறுதியில் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்ஷன் விற்று வைத்திருப்பவருக்கோ, கடன் மார்ஜினில் இன்ட்ராடே செய்பவருக்கோ இந்த முறை பொருந்தாது. அங்கே சில நிமிடங்களில் நிலைமை தலைகீழாகும், மாலை வரை காத்திருக்க முடியாது. வேலைக்கும் கடைக்கும் போய்க்கொண்டு பகுதி நேரமாக அதைச் செய்பவர்களுக்கு நான் சொல்வது, அதை விட்டுவிடுங்கள் என்பதுதான். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்கிறது செபியின் இன்னொரு ஆய்வு.

மூன்று மாதம் இப்படிச் செய்துவிட்டு, புரோக்கர் தளத்தில் லாப நஷ்ட அறிக்கையையும் டிரேடு புத்தகத்தையும் இறக்குங்கள். ஒவ்வொரு டிரேடும் முந்தைய மாலைக் குறிப்பில் இருந்ததா, இல்லையா என்று குறியுங்கள். இல்லாதவற்றை மட்டும் தனியாகக் கூட்டி, கட்டணம் கழித்து மிச்சம் என்ன என்று பாருங்கள். பிறகு அவற்றின் நேரத்தைப் பாருங்கள். ஒரு நஷ்டத்துக்குப் பிந்தைய அரை மணி நேரத்தில் அவை குவிந்திருந்தால், விட்டதைப் பிடிக்கப் போன டிரேடுகள் அவை. அந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே சில புரோக்கர்கள் கில் ஸ்விட்ச் என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால், தேர்ந்தெடுத்த பிரிவில் டிரேடிங் நின்றுவிடும். ஸெரோதாவில் 12 மணி நேரம் கழித்துத்தான் அதை மீண்டும் திறக்க முடியும். காலையில் நஷ்டத்தில் வெளியேறியதும் அழுத்தினால், அன்றைய சந்தை முடிந்த பிறகே அது திறக்கும்.