தோள் முதலில், நீளம் பிறகு

கிறிஸ்மஸ் கரோலுக்கு ஒரே நிறச் சேர்ட் தேடி இணையக் கடைகளுக்குள் நாம் நுழையும்போது ஒரு கேள்வி வரும்: ஆசிய கட் வாங்குவதா, மேற்கத்தேய கட் வாங்குவதா? இரண்டிலும் ‘லார்ஜ்’ என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் ஆசியச் சந்தைக்குத் தைத்த லார்ஜ், பெரும்பாலும் ஐரோப்பியக் கடையின் மீடியத்துக்குக் கிட்டத்தான் நிற்கும். தோள் ஒடுங்கியும் உடல் நீளம் குறைந்தும் இருக்கும்.

சீனத் துணிகளின் லேபலில் 175/92 என்பதுபோல எண்கள் இருக்கும். முதல் எண் அணிபவரின் உயரம், அடுத்தது மார்புச் சுற்றளவு, இரண்டும் சென்ரிமீற்றரில். இவை நம் உடம்பின் அளவுகள், சேர்ட்டின் அளவுகள் அல்ல.

தோளை எப்படிப் பார்ப்பது? தடுப்பூசி போடும்போது தாதியர் நாங்கள் தோளின் ஓரத்தில் உள்ள எலும்பு முனையைத் தொட்டுப் பார்த்து, அதிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே ஊசி போடுவோம். சேர்ட்டின் தோள் தையல் நிற்க வேண்டிய இடமும் அந்த எலும்பு முனைதான். தையல் அதற்கு உள்ளே நின்றால் கையை முன்னே நீட்டும்போது முதுகு இழுபடும். வெளியே தொங்கினால் மேற்கையில் சுருக்கம் விழும்.

இனி ஒரு கணக்கு. நன்றாகப் பொருந்தும் பழைய சேர்ட் ஒன்றை மேசையில் விரித்து அளப்போம். பின்பக்கம் தையலுக்குத் தையல் தோள் 45, கொலருக்குக் கீழிருந்து விளிம்பு வரை நீளம் 74 என்று வைப்போம். ஆசியக் கடையின் அட்டவணையில் லார்ஜ் தோள் 44, நீளம் 69. நீளம் போதாதே என்று இரண்டு அளவு மேலே போனால் நீளம் 73 ஆகும். தோளும் 47 ஆகிவிடும். ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் தொங்கும், நீளமோ இன்னும் குறைவு. மேற்கத்தேய மீடியம் ஒன்று தோள் 46, நீளம் 75 என்றால் இவருக்கு அதுவே பொருந்தும். இதே தோளுடைய உயரம் குறைந்த தம்பிக்கு அந்த ஆசிய லார்ஜ் போதும். மேற்கத்தேயது அவருக்குத் தொடைவரை இறங்கும்.

இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் தோளை விடக்கூடாது. கூடின நீளத்தைத் தையற்காரர் எளிதாக மடித்துத் தைப்பார். தோளை ஒடுக்கக் கையைக் கழற்றி, கைக்குழியை மீண்டும் வெட்ட வேண்டும். அந்தக் கூலியில் இன்னொரு சேர்ட் வாங்கிவிடலாம். குறைந்த நீளத்துக்கோ வழியே இல்லை. இரு கைகளையும் உயர்த்தும்போது வயிறு தெரிந்தால் அந்தச் சேர்ட் நமக்குரியதல்ல.

ஒரு விதிவிலக்கு உண்டு. கொரியப் பாணியில் தோள் தையலை வேண்டுமென்றே மேற்கைக்கு இறக்கித் தைக்கும் தொளதொள உடைகளுக்குத் தோள் அளவு உதவாது. அங்கே மார்பு அகலத்தையும் நீளத்தையும் மட்டும் ஒப்பிட்டால் போதும்.