பொந்தியானுக்குப் பொருந்தாத விதி

மே 16 ஆசிரியர் தினம். ஒவ்வோர் ஆண்டும் அன்று எனக்குப் பாடம் சொன்னவர்களுக்கு வாழ்த்து அனுப்புவேன். அந்தப் பட்டியலில் முதலில் வருபவரின் பெயர் எந்தப் பள்ளியின் சம்பளப் பட்டியலிலும் இருந்ததில்லை. அவர் ஒரு கணக்காளர். சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் எங்களுக்குத் தமிழாசிரியர்.

நான் பொந்தியான்காரன். அப்பாவின் வேலை காரணமாக ஆறு வயதில் சிட்னிக்குப் போனேன்; பன்னிரண்டு வயதில்தான் ஊர் திரும்பினேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்திருக்க வேண்டிய காலம் முழுவதும் ஆங்கிலப் பள்ளியில் கழிந்தது. மிஞ்சியது சனிக்கிழமை வகுப்பு ஒன்றுதான்.

சிட்னியில் இத்தகைய வார இறுதிப் பள்ளிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. பாலர் மலர் தமிழ்ப் பள்ளி 1977-இல் தொடங்கப்பட்டது. அதன் பிறகு பல பகுதிகளில் பெற்றோர்கள் கூடிப் பள்ளிகள் அமைத்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பள்ளி இறுதித் தேர்வில் தமிழும் ஒரு பாடம். ஆனால் அந்தத் தேர்வு வரை ஒரு பிள்ளையைக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் பெற்றோர்களே நின்று நடத்தும் வகுப்புகள்தாம்.

நான் படித்த பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. ஓர் ஆரம்பப் பள்ளியின் வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சுவரில் எழுத்து அட்டை ஒட்ட முடியாது. வெண்பலகையில் எழுதியதை அழித்து, நாற்காலிகளைப் பழையபடி அடுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எங்கள் டீச்சர் ஒரு பெரிய பையில் எல்லாவற்றையும் சுமந்து வருவார். வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து வந்து, தம் செலவில் அச்சடித்து வெட்டிய அட்டைகள் அவை.

இரண்டு மணி நேரம், ஆண்டுக்கு ஏறக்குறைய 40 வாரங்கள். கணக்குப் போட்டால் 80 மணி நேரம். அதாவது முழுதாக நான்கு நாள்கூட இல்லை. அதற்குள் எதைச் சொல்லித் தருவது, எதை விடுவது என்பதுதான் டீச்சருக்கு முன்னால் இருந்த கேள்வி. வீட்டில் தமிழ் பேசினாலும் ஆங்கில எழுத்தில் பழகிய பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை அவர் எங்கள் பிழைகளிலிருந்தே கண்டுபிடித்தார்.

ஒருநாள் சொல்வதெழுதலில் ‘தங்கம்’ என்றார். நானும் இன்னும் நால்வரும் ‘தகம்’ என்று எழுதியிருந்தோம். ‘பகல்’ என்பதை வாசிக்கச் சொன்னபோது ‘பக்கல்’ என்று வாசித்தோம். டீச்சர் திட்டவில்லை. எங்கள் சிக்கல் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘கே’ ஓர் எழுத்து, ‘ஜி’ வேறோர் எழுத்து. தமிழில் இரண்டுக்கும் ‘க’ ஒன்றுதான். எந்த இடத்தில் எப்படி ஒலிப்பது என்று எழுத்து சொல்லாது; பக்கத்தில் நிற்கும் எழுத்துதான் சொல்லும். சொல்லித் தராவிட்டால் அது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வாரம் நான்கு அட்டைகள் கொண்டு வந்தார். கப்பல், பக்கம், தங்கம், பகல். “தொண்டையிலை விரலை வைச்சுச் சொல்லிப் பாருங்கோ பிள்ளையள்” என்றார். அவர் யாழ்ப்பாணத்தவர். ‘பக்கம்’ என்று சொன்னபோது நடுவில் ஒரு கணம் அதிர்வு நின்றது. ‘தங்கம்’ என்று சொன்னபோது நிற்காமல் தொடர்ந்தது. சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்தாலும் ‘க’ வன்மையாக ஒலிக்கும். மெல்லினத்தின் பின்னால் வந்தால் அதிரும். இரண்டு உயிரோசைக்கு நடுவில் வந்தால் இளகிவிடும்.

பிறகு மற்ற வல்லின எழுத்துகளையும் அப்படியே சோதித்துப் பார்க்கச் சொன்னார். பட்டம், வண்டி, படம். பத்து, பந்து, பாதை. தப்பு, தம்பி, கோபம். ஐந்து எழுத்துகளுக்கு ஏறத்தாழ ஒரே விதி. ‘தங்கம்’ எழுதும்போது ‘ங்’ ஏன் விடக்கூடாது என்பதும் அன்றுதான் விளங்கியது. ‘க’வை அதிர வைப்பதே அந்த ‘ங்’ தானே!

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. என் ஊர்ப் பெயரை எழுதி, விதிப்படி வாசித்தேன். ‘பந்து’வில் வரும் ‘து’ அதிர்வதுபோல ‘பொந்தியான்’ என்பதில் ‘தி’யும் அதிர்ந்தது. ஆனால் மலாயில் அந்த இடத்தில் அதிர்வு கிடையாது. “டீச்சர், எங்க ஊருக்கு இந்த விதி வேலை செய்யல” என்றேன்.

அவர் பொந்தியானைப் பார்த்ததில்லை. பக்கத்து ஊர்களின் பெயர்களைக் கேட்டார். பத்து பகாட் என்றேன். எழுதிப் பார்த்தோம். மலாயில் இரண்டு சொற்களும் வெவ்வேறு ஒலியில் தொடங்குகின்றன. தமிழில் இரண்டுக்கும் ‘ப’ தான். “விதி தமிழ்ச் சொல்லுக்கு. வேற பாஷைப் பேரை எங்கட எழுத்து கிட்டத்தட்டத்தான் காட்டும். அந்த ஊர் ஆக்களிட்டைக் கேட்டுத்தான் சரியாச் சொல்லோணும்” என்றார். ஒரு விதியைச் சொல்லித் தந்த கையோடு அதன் எல்லையையும் காட்டிவிட்டார்.

இன்னொரு நாளையும் மறக்க முடியாது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். சென்னையிலிருந்து வந்த நண்பன் “டிபன் சாப்பிட்டியா?” என்றான். நான் “பசியாறிட்டியா?” என்றேன். வகுப்பே சிரித்தது. இனி வாய் திறக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். டீச்சர் சிரிக்காமல் இரண்டையும் பலகையில் எழுதி, தம் ஊரில் கேட்கும் விதத்தையும் கீழே சேர்த்தார். எதையும் அடிக்கவில்லை. எழுதும்போது எல்லாருக்கும் பொதுவாக ‘சாப்பிட்டாயா’ என்று எழுதலாம். வீட்டில் அவரவர் வீட்டுச் சொல்லையே பேசலாம் என்றார். அன்று அவரும் சிரித்திருந்தால், பாட்டியோடு பேச எனக்கிருந்த சொல்லை நானே விட்டிருப்பேன்.

ஊர் திரும்பி முதலாம் படிவத்தில் சேர்ந்தபோது, தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த நண்பர்களைவிட நான் வெகுவாகப் பின்தங்கியிருந்தேன். இலக்கணப் பெயர்கள் தெரியாது. செய்யுள் மனப்பாடம் கிடையாது. வேகமாக எழுத வராது. வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் அவ்வளவும் வந்துவிடாது என்பதே உண்மை. ஆனால் புதிய சொல் எதைக் கண்டாலும் சத்தமாக வாசிக்க முடிந்தது. மற்றவற்றை அந்தப் பிடியில்தான் கற்றேன், எஸ்.பி.எம். தேர்வில் தமிழையும் எடுத்தேன்.

அதன் முழுப் பயன் வீட்டில்தான் தெரிந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டிக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே மொழி தமிழ். கண்ணில் புரை விழுந்த பிறகு நாளிதழ் படிக்க முடியவில்லை. காலையில் பசியாறியதும் பக்கத்தில் உட்கார்ந்து நான் வாசிப்பேன். முதலில் மரண அறிவிப்புகள். பழைய தோட்டத்து ஆள் யாராவது இருக்கிறார்களா என்று அவர் கவனமாகக் கேட்பார். ஒரு நாள் ஒரு பெயரை வாசித்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “இன்னொரு தடவ படி ஐயா” என்றார். அவரோடு பால்மரம் சீவிய தோழியின் பெயர் அது. ஊரும் நேரமும் சரியாக வாசித்துச் சொன்னேன். அன்று மாலையே பாட்டியை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனோம்.

சென்ற ஆண்டு ஆசிரியர் தினத்தில் டீச்சருக்கு வாழ்த்து அட்டை அனுப்பவில்லை. பாட்டிக்கு நாளிதழ் வாசிப்பதை ஒலிப்பதிவு செய்து அனுப்பி, தோழியின் கதையையும் எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. இரண்டு முறை கேட்டாராம். “க, ச, ட, த, ப எல்லாம் வடிவாயிருக்கு. ‘ழ’ தான் இன்னும் சரியில்லை. சனிக்கிழமை கூப்பிடு.”

கூப்பிட்டேன்.