புறப்பட்ட மின்னஞ்சலும் புறப்படாத மின்னஞ்சலும்

ஜிமெயிலில் ஒரு மின்னஞ்சலை அனுப்பியதும் திரையின் கீழ்ப்பகுதியில் "Message sent" என்று ஒரு சிறு பட்டை தோன்றும். அதிலேயே "Undo" என்ற சொல்லும் இருக்கும். அதை அழுத்தினால் கடிதம் மீண்டும் திறந்துகொள்ளும். பிழையைத் திருத்தலாம், பெறுநரை மாற்றலாம், அனுப்பாமலே விட்டுவிடலாம். சில நொடிகளில் பட்டை மறைந்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். பார்ப்பவருக்கு, போன கடிதத்தை வழிமறித்துத் திருப்பிக் கொண்டுவந்தது போலத் தோன்றும். உண்மையில் கடிதம் அதுவரை கிளம்பவே இல்லை. "அனுப்பப்பட்டது" என்று பட்டை சொல்வது கொஞ்சம் அவசரப்பட்ட அறிவிப்பு. கூகுள் அந்த நொடிகளில் கடிதத்தைத் தன்னிடமே நிறுத்தி வைத்திருக்கிறது.

அப்படி நிறுத்தி வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் சர்வரிலிருந்து இன்னொன்றின் சர்வருக்குக் கடிதம் போவது எஸ்.எம்.டி.பி. என்ற நெறிமுறையின்படி. 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய அந்த விதிகளின் அடிப்படை இன்றும் மாறவில்லை. அனுப்பும் சர்வர் கடிதத்தைக் கொடுக்கும். பெறும் சர்வர் 250 என்ற எண்ணைப் பதிலாகத் தரும். "பெற்றுக்கொண்டேன், இனி இது என் பொறுப்பு" என்பது அதன் பொருள். கொடுத்ததைத் திரும்பக் கேட்பதற்கு அந்த நெறிமுறையில் கட்டளை எதுவும் இல்லை. ஆகவே 250 வருவதற்கு முன்பு தடுத்தால்தான் உண்டு. வந்த பிறகு அனுப்பியவரின் கை அங்கே எட்டாது.

2009இல் ஜிமெயிலின் சோதனைப் பிரிவில் ஐந்து நொடி அவகாசத்துடன் இந்த வசதி வந்தது. 2015இல் எல்லோருக்குமான நிரந்தர அமைப்பானது. இப்போது 5, 10, 20, 30 நொடிகள் என நான்கு தேர்வுகள் இருக்கின்றன. தானாக அமைந்திருப்பது 5 நொடி. அது மிகவும் குறைவு. தவறான கோப்பை இணைத்துவிட்டோம் என்பது பெரும்பாலும் பத்தாவது நொடிக்கு மேல்தான் உறைக்கும். கணினி உலாவியில் பல்சக்கரக் குறியை அழுத்தி, "See all settings" சென்று, "General" பக்கத்தில் "Undo Send" என்ற வரியில் 30 என்று மாற்றி வைத்துக்கொள்ளலாம். மாற்றியதும் பக்கத்தின் அடிவரை இறங்கி "Save Changes" பொத்தானை அழுத்த வேண்டும். பலர் இதை விட்டுவிடுவார்கள். அமைப்பு பழையபடியே இருக்கும். 30 நொடி வைத்தால் எல்லாக் கடிதங்களும் அரை நிமிடம் தாமதமாகப் போகும் என்பது மட்டுமே இதற்குக் கொடுக்கும் விலை.

அவுட்லுக்கில் "Recall" என்று இன்னொரு வசதி இருக்கிறது; அது வேறு வகை. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் அமைப்புக்குள் இருந்தால், இரண்டு அஞ்சல்பெட்டிகளும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருப்பதால், போய்ச் சேர்ந்த கடிதத்தைக்கூட எடுத்துவிட முடியும். வெளி நிறுவனத்துக்கோ ஜிமெயில் முகவரிக்கோ போனதை எடுக்க முடியாது. முயன்றால், முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெற விரும்புவதாக ஓர் அறிவிப்பு மட்டும் அவருக்குப் போய்ச் சேரக்கூடும். அதுவரை அந்தக் கடிதத்தைத் திறக்காதவரும் அப்போது உடனே திறந்து பார்ப்பார்.

30 நொடி நிறுத்தி வைக்கும் சர்வரால் மூன்று நாளும் நிறுத்தி வைக்க முடியும். குறித்த நேரத்தில் அனுப்பும் வசதி அதுதான். ஜிமெயிலில் இது 2019 ஏப்ரல் முதல் தேதி வந்தது. கடிதத்தை எழுதி முடித்து, "Send" பொத்தானின் பக்கத்தில் இருக்கும் சிறு அம்புக்குறியை அழுத்தினால் "Schedule send" கிடைக்கும். கைபேசிச் செயலியில் மேலே உள்ள மூன்று புள்ளிகளுக்குள் அது இருக்கும். நாளை காலை, நாளை மதியம் போன்ற தயார் நேரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்; "Pick date & time" மூலம் வேண்டிய தேதியையும் நேரத்தையும் கொடுக்கலாம். கடிதம் கூகுளின் சர்வரில் காத்திருப்பதால், கணினியை அணைத்துவிட்டுப் போனாலும் நேரத்துக்குக் கிளம்பிவிடும். கணினியில் நிறுவிய பழைய அவுட்லுக்கில் சாதாரண ஐமேப் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த நிம்மதி கிடையாது. அங்கே கடிதம் அந்தக் கணினியின் "Outbox" பெட்டியில்தான் கிடக்கும். குறித்த நேரத்தில் அவுட்லுக் திறந்திருந்தால்தான் போகும்.

நேரம் குறிப்பதில் ஒரு சிக்கல், வெளிநாட்டுக்கு எழுதும்போது தலைகாட்டும். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் மெர்ச்சண்டைசர், லண்டனில் இருக்கும் பையருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம், அக்டோபர் 24, வியாழக்கிழமை. சாம்பிள் ஒப்புதல் கேட்கும் கடிதம் தயார். ஆனால் திங்கட்கிழமை 28ஆம் தேதி லண்டனில் காலை 9 மணிக்கு, பையர் வேலையைத் தொடங்கும்போது, அது பெட்டியின் மேலே இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். அன்றைக்கு லண்டன் இந்தியாவுக்கு நான்கரை மணி நேரம் பின்னால் இருந்தது. 9 மணியோடு நான்கரையைக் கூட்டி, மதியம் 1.30 என்று குறித்துவிடுகிறார்.

கணக்கு அன்றைக்குச் சரி, திங்கட்கிழமைக்குத் தவறு. பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவைப்பார்கள். அந்த ஆண்டு அது 27ஆம் தேதி. திங்கட்கிழமை வித்தியாசம் ஐந்தரை மணி நேரமாகிவிட்டது. ஜிமெயில் குறித்த நேரத்தை அனுப்புபவர் நேரம் குறித்தபோது இருந்த இடத்தின் நேரமாகவே எடுத்துக்கொள்ளும். பெறுநர் எந்த ஊரில் இருக்கிறார் என்று அது பார்ப்பதில்லை. இந்திய நேரம் 1.30க்குக் கிளம்பிய கடிதம் லண்டனில் காலை 8 மணிக்கே போய், அடுத்த ஒரு மணி நேரத்தில் வந்த மற்றக் கடிதங்களுக்கு அடியில் போய்விடும். 2.30 என்று குறித்திருக்க வேண்டும். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை இதே கதை தலைகீழாக நடக்கும். குறித்த நிமிடத்திலேயே போய்ச் சேரும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. சில நிமிடங்கள் பிந்தக்கூடும்.

நேரத்தை மாற்ற, இடப்பக்கப் பட்டியலில் உள்ள "Scheduled" பெட்டியைத் திறந்து, கடிதத்தில் "Cancel send" அழுத்த வேண்டும். அப்படிச் செய்ததும் அது வெறும் வரைவாக "Drafts" பெட்டிக்குப் போய்விடும். பழைய நேரம் அதோடு ஒட்டிக்கொண்டிருக்காது. ஒரு சொல்லைத் திருத்திவிட்டு, மீண்டும் நேரம் குறிக்காமல் மூடிவிட்டால், அந்தக் கடிதம் எப்போதும் போகாது. போனதா என்று தெரிந்துகொள்ள "Sent" பெட்டியைப் பார்ப்பதே வழி. இணைப்புக் கோப்பும் அப்படித்தான்: வியாழக்கிழமை இணைத்த விலைப்பட்டியலை வெள்ளிக்கிழமை கணினியில் திருத்தினாலும், திங்கட்கிழமை போவது வியாழக்கிழமைப் பட்டியல்தான். வார இறுதியில் பையரே "ஒப்புதல் தந்தாயிற்று" என்று எழுதிவிட்டால்கூட, காத்திருக்கும் கடிதத்துக்கு அது தெரியாது. திங்கட்கிழமை போய் மறுபடியும் ஒப்புதல் கேட்டு நிற்கும்.

இனி விடுமுறை. தீபாவளி அந்த ஆண்டு அக்டோபர் 31, வியாழன். மெர்ச்சண்டைசர் புதன் 30 முதல் ஞாயிறு நவம்பர் 3 வரை விடுப்பு. ஜிமெயிலில் இதற்கான இடமும் அதே "General" பக்கத்தின் அடியில்தான், "Vacation responder" என்ற பெயரில் இருக்கிறது. "Vacation responder on" என்பதைத் தேர்ந்து, "First day" கட்டத்தில் அக்டோபர் 30, "Last day" கட்டத்தில் நவம்பர் 3 என்று கொடுத்து, தலைப்பும் செய்தியும் எழுதிச் சேமித்தால் போதும். தொடக்க நாள் நள்ளிரவு 12 மணிக்கு அது விழித்துக்கொள்ளும். கடைசி நாள் இரவு 11.59க்கு அடங்கும். இதில் தேதி மட்டும்தான், மணி கிடையாது. 30ஆம் தேதி பாதி நாள் வேலை பார்ப்பவர் 30 என்று குறித்தால், அவர் மேசையில் இருக்கும் காலையிலேயே "விடுப்பில் இருக்கிறேன்" என்று பதில் போய்க்கொண்டிருக்கும்.

செய்தி நீளமாக இருக்க வேண்டியதில்லை. எந்த நாளில் திரும்புவார், அதுவரை அவசரத்துக்கு யாரை அணுகலாம் என்ற இரண்டும் இருந்தால் போதும். எந்த ஊருக்குப் போகிறார், வீடு பூட்டிக் கிடக்கிறதா என்பதெல்லாம் வேண்டாம். இந்தப் பதில் பழகியவர்களுக்கு மட்டும் போவதில்லை; முன்பின் தெரியாமல் எழுதுகிறவருக்கும் போகும். "Only send a response to people in my Contacts" என்ற கட்டத்தைக் குறித்தால் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் போகும். ஆனால் புதிதாக விசாரிக்கும் வாடிக்கையாளருக்கு அப்போது எந்தப் பதிலும் கிடைக்காது; வியாபாரத்தில் இருப்பவருக்கு அது உதவாது.

பையர் புதன்கிழமை எழுதுகிறார், பதில் போகிறது. வியாழனும் வெள்ளியும் மறுபடி எழுதுகிறார், பதில் இல்லை. இது கோளாறு அன்று. ஒருவர் எத்தனை முறை எழுதினாலும் நான்கு நாள் கழிந்த பிறகு எழுதினால்தான் ஜிமெயில் அவருக்கு இரண்டாவது பதிலை அனுப்பும். நடுவில் செய்தியைத் திருத்தினால் மட்டும் கணக்கு புதிதாகத் தொடங்கும். அவருக்கு மீண்டும் ஒன்று போகும்.

இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை யூனிக்ஸ் காலத்திலேயே கண்டுகொண்டிருக்கிறார்கள். விடுப்பில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவருடைய பதில் மற்றவருக்குப் போகும். அங்கிருந்து ஒரு பதில் வரும். அதற்கு இன்னொன்று போகும். பெர்க்லி பல்கலைக்கழக யூனிக்ஸுக்காக எரிக் ஆல்மன் எழுதிய "vacation" என்ற நிரல் யாருக்கெல்லாம் பதில் போனது என்று குறித்து வைத்துக்கொண்டு, ஒருவருக்கு வாரத்துக்கு ஒன்று என்று கட்டுப்படுத்தியது. 2004இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3834 என்ற ஆவணம் இதற்கெல்லாம் பொதுவான ஒழுங்கை வகுத்தது. தானாகப் போகும் பதில் ஒவ்வொன்றும் தன் தலைப்பகுதியில் இப்படி ஒரு வரியைச் சுமந்துபோக வேண்டும்:

```
Auto-Submitted: auto-replied
```

இந்த வரியைக் கண்டால் மறுமுனையில் உள்ள நிரல் பேசாமல் இருந்துவிடும். எரிதக் கடிதங்களுக்கும், குழு மடல்களாக வருபவற்றுக்கும் ஜிமெயில் பொதுவாகப் பதில் தருவதில்லை.

இரண்டு வசதிகளையும் ஒன்றாகப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு என்று நேரம் குறித்து வைத்த கடிதம், விடுப்பு நாளிலும் கிளம்பத்தான் செய்யும். "இன்றைக்குள் பதில் வேண்டும்" என்று அது கேட்கும். பையர் உடனே பதில் எழுதுவார். திங்கட்கிழமைதான் திரும்புவேன் என்று அவருக்கு மறுபதில் போகும். விடுப்பை அமைக்கும் அன்றே "Scheduled" பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்ப்பவருக்கு இந்தச் சங்கடம் இல்லை.

"Last day" கட்டம் கட்டாயமில்லாதது. காலியாக விட்டாலும் ஜிமெயில் ஏற்றுக்கொள்ளும். அப்படி விட்டால், கையால் நிறுத்தும் வரை பதில் போய்க்கொண்டே இருக்கும். அது இயங்கும் நாட்களில் ஜிமெயில் பக்கத்தின் உச்சியில் ஒரு பட்டை தெரியும். அதில் உள்ள "End now" அழுத்தினால் நின்றுவிடும். கணினியில் வேறு மென்பொருள் வழியாகவே அஞ்சல் பார்ப்பவர் கண்ணில் அந்தப் பட்டை படாது. அப்படிப்பட்டவர்கள் கடைசி நாளைக் கட்டாயம் நிரப்பி வைக்க வேண்டும்.