8.46-இல் எத்தனை இலக்கத்தை நம்பலாம்?

ஓர் உலோகத் துண்டின் அடர்த்தியை நேராகக் காட்டும் கருவி சாதாரண ஆய்வகத்தில் இருப்பதில்லை. நிறையைத் தராசிலும் கன அளவை அளவுசாடியிலும் தனித்தனியே பார்த்து, ஒன்றை மற்றொன்றால் வகுக்க வேண்டும். இரண்டு அளவீட்டிலும் உள்ள நிச்சயமின்மை அந்த வகுத்தலின் வழியாக விடைக்குள் வந்துவிடுகிறது.

பித்தளை போலத் தெரியும் ஒரு துண்டு 84.6 கிராம், தராசின் நிச்சயமின்மை ±0.1 கிராம். அதை நீருக்குள் இறக்கியதும் சாடியின் நீர்மட்டம் 50 மி.லி.யிலிருந்து 60 மி.லி.க்கு ஏறுகிறது. கன அளவு 10 மி.லி., அடர்த்தி 8.46 கிராம்/மி.லி.

சாடியில் ஒரு மி.லி.க்கு ஒரு கோடு என்றால், ஒவ்வொரு வாசிப்பிலும் ±0.5 மி.லி. ஐயம் உண்டு. கன அளவோ இரு வாசிப்புகளின் வித்தியாசம். இரண்டும் ஒரே சமயம் முழு அளவுக்கு எதிரெதிர்த் திசையில் பிழைப்பது அரிது. அதனால் ஐயங்களை அப்படியே கூட்டாமல், வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பார்கள்: 0.25 + 0.25 = 0.5; அதன் மூலம் ஏறக்குறைய 0.7. பள்ளிக் கணக்குகளில் நேராகக் கூட்டும் வழக்கம் உண்டு. அது மிக மோசமான நிலையைக் காட்டும், தவறில்லை.

பெருக்கலிலும் வகுத்தலிலும் இதே வேலையைச் சதவீதங்களில் செய்ய வேண்டும். நிறையின் ஐயம் 0.12%, கன அளவின் ஐயம் 7%. வர்க்கங்களைக் கூட்டினால் 49.01, மூலம் எடுத்தால் மறுபடியும் 7% தான். தராசின் பங்கு அடையாளமே தெரியாமல் போய்விட்டது. 8.46-இல் 7% என்பது 0.6. ஆகவே விடையை 8.5 ± 0.6 என்று எழுதுவதே நேர்மை. கடைசி 6-க்கு அங்கே இடமில்லை.

இந்த விடை பித்தளைக்குப் பொருந்துகிறது. 8.96 அடர்த்தியுள்ள தாமிரத்துக்கும் பொருந்துகிறது. 7.87 உள்ள இரும்பைக்கூட எண்ணை மட்டும் வைத்து ஒதுக்க முடியாது. அதற்கு ஒரு காந்தம் போதும் என்பது வேறு விஷயம்.

இந்த நிலையில் பத்து மடங்கு நுட்பமான தராசு வாங்குவது வீண் செலவு. அதே உலோகத்தின் ஒரே அளவுள்ள நான்கு துண்டுகளைச் சேர்த்துச் சாடியில் போட்டால் கன அளவு 40 மி.லி. ஆகும், ஐயம் மட்டும் 0.7-ஐத் தாண்டாது. அது 1.8% தான். விடை 8.46 ± 0.15 என்று இறுகும். இரும்பும் தாமிரமும் விலகிவிடும்.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஐயங்கள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். ஒரு கோளத்தின் விட்டத்தை அளந்து கன அளவைக் கணக்கிட்டால், ஒரே விட்டம் மூன்று முறை பெருக்கப்படுகிறது. விட்டத்தில் 1% பிழை இருந்தால் கன அளவில் முழுதாக 3% பிழை. வர்க்கமூலம் அதைக் குறைக்காது.

துண்டில் ஒட்டிய காற்றுக் குமிழியும் இந்தக் கணக்கில் சிக்காது. அது கன அளவை எப்போதும் கூட்டியே காட்டும், அரை மி.லி. காற்று 8.46-ஐ 8.06 ஆக்கிவிடும். துண்டை இறக்கியபின் சாடியை மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கினால், முதல் வாசிப்பில் குமிழியும் சேர்ந்திருந்தது என்று பொருள்.