ஐஸ் இயந்திரத்தின் வழவழப்பு

கஃபேயின் கார்பன் ஃபில்டர் குழாய்நீரின் குளோரினை நீக்கி ருசியைக் கூட்டுகிறது. ஆனால் அதைத் தாண்டிய நீருக்குக் கிருமியைத் தடுக்கும் காப்பு இல்லை. ஐஸ் இயந்திரத்தின் ஈரமான உட்சுவரில் இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ வழவழப்புப் படிவது இதனால்தான். உறைநிலை எல்லாக் கிருமிகளையும் கொல்லாது.

குளோரின் சோதனைச் சொட்டு மருந்தை ஃபில்டருக்கு முன்னும் பின்னும் எடுத்த நீரில் விடுங்கள். முன்னால் மஞ்சள் நிறம் வந்து, பின்னால் வராவிட்டால் கார்பன் வேலை செய்கிறது. பின்னாலும் மஞ்சள் வந்தாலோ, நீர்வரத்து குறைந்தாலோ ஃபில்டரை மாற்றுங்கள். எப்படியும் ஆறு மாதத்துக்கு மேல் விடவேண்டாம்.

இயந்திரத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது முழுதாகச் சுத்தம் செய்யவேண்டும். உப்புநீர் ஊர்களில் மூன்று மாதமே சரி. முதலில் அமிலக் கரைசலால் உப்புப் படிவை நீக்கி, நன்றாக அலசி, பிறகே கிருமிநாசினி. வரிசை மாறினால் படிவுக்கு அடியில் கிருமி தப்பிவிடும். அமிலமும் குளோரினும் கலந்தால் நச்சுவாயு வரும். இடையில் அலசுவதைத் தவிர்க்கவே கூடாது. முதலில் விழும் ஐஸைக் கொட்டிவிடுங்கள்.